சிங்கப்பூர் சொத்து வரி பில்: ஆண்டு மதிப்பைப் படிப்பதும் ஆட்சேபம் எழுப்புவதும்

டிசம்பரில் சொத்து வரி பில் வந்ததும் எங்கள் கொண்டோவின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே பேச்சு: "போன வருடத்தைவிடக் கூடிவிட்டதே, ஆட்சேபம் போடலாமா?" போடலாம். ஆனால் பலர் தவறான விஷயத்துக்குப் போடுகிறார்கள். வரி ஏன் கூடியது என்று பார்க்காமல் "அதிகம், குறையுங்கள்" என்று எழுதினால், பதில் என்ன வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். கீழே உள்ள வரிசைக்குக் காரணம் உண்டு. முதல் இரண்டு படிகளிலேயே பாதிப் பேருடைய சிக்கல் தீர்ந்துவிடும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சிங்பாஸ், பில் அல்லது அறிவிப்பின் பிரதி, கொண்டோ என்றால் கடைசிப் பராமரிப்புக் கட்டண ரசீது, வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால் வாடகை ஒப்பந்தம். வீட்டின் பரப்பளவும் தெரிய வேண்டும். வாங்கிய பத்திரத்தில் இருக்கும். கடன் பத்திரமும் வங்கிக் கணக்கும் வேண்டாம். அவற்றுக்கும் இந்த வரிக்கும் சம்பந்தமில்லை.

1. கையில் இருப்பது எந்தக் கடிதம் என்று பாருங்கள்

உள்நாட்டு வருவாய் ஆணையம், நாம் பேச்சில் ஐராஸ் என்பது, இரண்டு வகைக் கடிதம் அனுப்பும். ஒன்று வருடாந்திர வரி பில். அடுத்த ஆண்டு முழுவதற்குமான வரி அதில் இருக்கும். ஜனவரி 31-க்குள் கட்ட வேண்டும். இன்னொன்று மதிப்பீட்டு அறிவிப்பு. உங்கள் வீட்டின் ஆண்டு மதிப்பை, அதாவது ஓர் ஆண்டில் அதற்குக் கிடைக்கக்கூடிய வாடகையின் மதிப்பீட்டை, இன்னதிலிருந்து இன்னதாக, இந்தத் தேதி முதல் மாற்றியிருக்கிறோம் என்று சொல்வது அது.

இரண்டுக்கும் கெடு வேறு. மதிப்பீட்டு அறிவிப்பு வந்திருந்தால் 30 நாளுக்குள் ஆட்சேபிக்க வேண்டும். அறிவிப்பில் அச்சாகியிருக்கும் தேதியிலிருந்தே எண்ணுங்கள், நீங்கள் அதைத் திறந்து பார்த்த நாளிலிருந்து அல்ல. அறிவிப்பு எதுவும் வரவில்லை, பில் மட்டும்தான் வந்தது என்றால், மதிப்பீட்டுப் பட்டியலில், அதாவது ஐராஸ் சொத்துகளின் ஆண்டு மதிப்பைப் பதிந்து வைத்திருக்கும் பட்டியலில், இருக்கும் மதிப்பை எதிர்த்து அந்த ஆண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம்.

அப்படியானால் 30 நாளைத் தவறவிட்டாலும் பரவாயில்லையா? முழுக்க அப்படி இல்லை. பட்டியலை எதிர்த்துப் போடும் ஆட்சேபம் வெற்றி பெற்றால், அது போட்ட ஆண்டின் ஜனவரி 1 முதல்தான் செல்லும். மதிப்பீட்டு அறிவிப்போ முந்தைய ஆண்டின் தேதியிலிருந்து மதிப்பைக் கூட்டியிருக்கலாம். அந்தப் பழைய காலத்துக்கான கூடுதல் வரியை எதிர்க்க அந்த 30 நாள்தான் வாய்ப்பு.

2. மதிப்புக்கு முன் விகிதத்தைச் சரிபாருங்கள்

வரி என்பது ஆண்டு மதிப்பை ஒரு விகிதத்தால் பெருக்கியது. விகிதம் இரண்டு வகை: உரிமையாளரே குடியிருக்கும் வீட்டுக்கு ஒன்று, மற்ற குடியிருப்பு வீடுகளுக்கு இன்னொன்று. இரண்டுக்கும் உள்ள இடைவெளி மிகப் பெரியது.

2025-ஆம் ஆண்டு முதல் உரிமையாளர் குடியிருக்கும் வீட்டுக்கு முதல் 12,000 வெள்ளி ஆண்டு மதிப்புக்கு வரி கிடையாது. அடுத்த 28,000-க்கு 4 விழுக்காடு, அதற்கடுத்த 10,000-க்கு 6 விழுக்காடு என்று ஏறி, 140,000-க்கு மேல் 32 விழுக்காட்டில் நிற்கும். உரிமையாளர் குடியிருக்காத வீட்டுக்கு முதல் வெள்ளியிலிருந்தே வரி தொடங்கும்: முதல் 30,000-க்கு 12 விழுக்காடு, அடுத்த 15,000-க்கு 20, அடுத்த 15,000-க்கு 28, அதற்கு மேல் 36.

ஆண்டு மதிப்பு 45,600 வெள்ளி உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். உரிமையாளர் குடியிருந்தால் வரி இப்படி:

```
12,000 x 0%  =     0
28,000 x 4%  = 1,120
 5,600 x 6%  =   336
வரி          = 1,456
```

அதே வீடு வாடகைக்குப் போயிருந்தால்:

```
30,000 x 12% = 3,600
15,000 x 20% = 3,000
   600 x 28% =   168
வரி          = 6,768
```

அதனால் பில் திடீரென்று மூன்று நான்கு மடங்கானால், மதிப்பு ஏறியதாக நினைக்காதீர்கள். பெரும்பாலும் விகிதம் மாறியிருக்கும். பில்லில் எந்த விகிதம் போட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

நீங்கள் அந்த வீட்டில்தான் இருக்கிறீர்கள், ஆனாலும் உயர்ந்த விகிதம் போட்டிருக்கிறது என்றால், அதற்கு ஆண்டு மதிப்பு ஆட்சேபம் வழியல்ல. உரிமையாளர் குடியிருப்பு விகிதம் கேட்டுத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், எந்தத் தேதியில் குடிவந்தீர்கள் என்பதையும் சேர்த்து. பலர் இதை ஆட்சேபப் படிவத்தில் எழுதிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அந்தப் படிவத்தைப் பார்ப்பவர் கவனிப்பது வாடகை மதிப்பை மட்டும்தான்.

இதில் அடிக்கடி குழப்புவது இரண்டு. உரிமையாளர் வீட்டிலேயே இருந்துகொண்டு ஓர் அறையை மட்டும் வாடகைக்கு விட்டால் குறைந்த விகிதம் போய்விடாது. அடுத்தது, ஒருவர் எத்தனை வீடு வைத்திருந்தாலும் ஒன்றுக்குத்தான் இந்தச் சலுகை. கணவன் பெயரில் ஒன்று, மனைவி பெயரில் ஒன்று இருந்தாலும் தம்பதிக்கு ஒன்றுதான்.

இன்னொன்றையும் பாருங்கள்: தள்ளுபடி. 2025-இல் உரிமையாளர் குடியிருந்த வீவக வீடுகளுக்கு 20 விழுக்காடும், தனியார் வீடுகளுக்கு 1,000 வெள்ளி உச்சவரம்போடு 15 விழுக்காடும் கழித்தார்கள். இது ஆண்டுக்கு ஆண்டு அறிவிக்கப்படுவது. போன ஆண்டின் தள்ளுபடி இந்த ஆண்டு குறைந்தாலும், மதிப்பு மாறாமலேயே கட்டும் தொகை கூடும். அதற்கு ஆட்சேபம் கிடையாது.

3. ஆண்டு மதிப்பைப் பன்னிரண்டால் வகுங்கள்

விகிதம் சரி என்றால் இனி மதிப்புக்கு வருவோம். ஆண்டு மதிப்பு என்பது, இந்த வீட்டைச் சந்தையில் வாடகைக்கு விட்டால் ஓர் ஆண்டில் நியாயமாக எவ்வளவு கிடைக்கும் என்ற மதிப்பீடு. அதில் அறைகலன்களுக்கான வாடகையும் பராமரிப்புக் கட்டணமும் சேராது. நீங்கள் குடியிருந்தாலும், வாடகைக்கு விட்டிருந்தாலும், பூட்டி வைத்திருந்தாலும் இதே அளவுகோல்தான்.

இங்கேதான் புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். வீட்டின் விலை இதில் வராது. கடன் தவணை வராது. ஆறு மாதம் வாடகைதாரர் இல்லாமல் காலியாகக் கிடந்தது என்பதும் எடுபடாது. காலி வீட்டுக்கு வரியைத் திருப்பித் தரும் ஏற்பாடு 2014-இல் நின்றுபோனது. தங்கை மகனுக்குச் சலுகை வாடகையில் விட்டிருக்கிறேன் என்பதும் உதவாது, ஏனென்றால் அது சந்தை வாடகை அல்ல.

பில்லில் உள்ள மதிப்பைப் பன்னிரண்டால் வகுத்தால், ஐராஸ் உங்கள் வீட்டுக்கு மனத்தில் வைத்திருக்கும் மாத வாடகை தெரிந்துவிடும். நம் கணக்கில் 45,600-ஐ வகுத்தால் 3,800 வெள்ளி. ஆனால் இது கழிவுகள் போன பிறகு உள்ள தொகை. சந்தை வாடகையோடு ஒப்பிட, கழித்ததைத் திரும்பக் கூட்ட வேண்டும்.

அந்த வீட்டின் பராமரிப்புக் கட்டணம் மாதம் 350, அறைகலன்களுக்கு நியாயமான பங்கு 150 என்று வைத்துக்கொள்வோம். 3,800-உடன் இவற்றைக் கூட்டினால் 4,300. அதாவது அறைகலன்களோடு இந்த வீட்டை மாதம் 4,300 வெள்ளிக்கு விடலாம் என்று ஐராஸ் சொல்கிறது. இனி கேள்வி சுலபம்: உங்கள் கட்டடத்தில் இதே அளவு வீடு 4,300-க்குப் போகிறதா?

பலர் இந்தக் கூட்டலைச் செய்வதில்லை. "அக்கம்பக்கத்தில் 3,700-க்குத்தான் போகிறது, நீங்கள் 3,800 போட்டிருக்கிறீர்கள்" என்று எழுதுகிறார்கள். உண்மையான வேறுபாடு 600 வெள்ளி; அவர்கள் 100 என்று காட்டித் தங்கள் வழக்கைத் தாங்களே மெலிய வைக்கிறார்கள்.

4. வாடகை ஆதாரம் திரட்டுங்கள்

இதுதான் நேரம் எடுக்கும் படி, முடிவைத் தீர்மானிப்பதும் இதுதான். தனியார் வீடுகளுக்கு நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் தளத்தில் வாடகை ஒப்பந்தத் தரவு இலவசமாகக் கிடைக்கும். திட்டத்தின் பெயரைத் தட்டினால், எந்த மாத ஒப்பந்தம், பரப்பளவு எந்த வீச்சில், மாத வாடகை எவ்வளவு என்று வரும். வீவக வீடுகளுக்கு அதே போன்ற தரவு வீவக தளத்தில் இருக்கிறது.

சொத்து முகவர்களின் விளம்பரங்களை ஆதாரமாக வைக்காதீர்கள். அது கேட்கும் வாடகை, கிடைத்த வாடகை அல்ல. முத்திரைத் தீர்வை கட்டிய ஒப்பந்தங்களே ஐராஸுக்கு எடுபடும், அவை அவர்களிடமும் இருக்கின்றன.

நம் எடுத்துக்காட்டில், அதே கொண்டோவில் அதே பரப்பளவு வீச்சில் கடந்த ஆறு மாதத்தில் ஆறு ஒப்பந்தங்கள் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம்: 3,600, 3,650, 3,700, 3,700, 3,800, 4,400. நடுவில் நிற்பது 3,700. கடைசியாக இருக்கும் 4,400-ஐ விட்டுவிடத் தோன்றும். விடாதீர்கள். அதுவும் அவர்கள் திரையில் தெரியும். நீங்கள் மறைத்ததாகத் தோன்றினால் மற்ற ஐந்தின் மீதும் சந்தேகம் வரும். அதையும் பட்டியலில் போட்டு, மற்ற ஐந்தும் ஒரே வீச்சில் இருக்க இது மட்டும் தனித்து நிற்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். மேல் மாடி, புதிதாகப் புதுப்பித்த வீடு போன்ற காரணம் உறுதியாகத் தெரிந்தால் சேருங்கள், ஊகம் என்றால் வேண்டாம்.

ஒப்பந்தத் தேதியும் முக்கியம். இரண்டு ஆண்டுக்கு முன் கையெழுத்தான உங்கள் சொந்த ஒப்பந்தத்தில் 3,200 என்று இருக்கலாம். நீங்கள் உண்மையில் வாங்குவது அதுதான் என்றாலும், இன்றைய சந்தையை அது காட்டாது. சமீபத்தில் கையெழுத்தானது என்றால் உங்கள் ஒப்பந்தமே நல்ல ஆதாரம்.

வீட்டுக்கே உரிய குறை இருந்தால் அதையும் சேர்க்கலாம். பக்கத்தில் கட்டுமானச் சத்தம், விரைவுச்சாலையை நோக்கிய படுக்கையறை போன்றவை. ஆனால் சத்தம் இருக்கிறது என்று எழுதினால் மட்டும் போதாது. அதே வரிசை வீடுகள் குறைந்த வாடகைக்குப் போகின்றன என்று ஒப்பந்தம் காட்ட வேண்டும். வாடகையைக் குறைக்காத குறை மதிப்பையும் குறைக்காது.

5. லாபம் எவ்வளவு என்று பாருங்கள்

3,700-லிருந்து பராமரிப்பு 350, அறைகலன் 150 கழித்தால் 3,200. பன்னிரண்டால் பெருக்கினால் 38,400. நீங்கள் கேட்கப்போகும் ஆண்டு மதிப்பு இதுதான்.

வாடகைக்கு விட்ட வீடு என்றால் வரி 5,280 ஆகும், முன்பு 6,768. ஆண்டுக்கு 1,488 வெள்ளி மிச்சம். ஒரு மாலை உட்கார்ந்து தரவு தேடியதற்குத் தகும். அதே வீட்டில் நீங்களே குடியிருந்தால் வரி 1,456-லிருந்து 1,056-க்கு இறங்கும். தள்ளுபடிக்கு முன் 400 வெள்ளி.

வீவக வீடு என்றால் என் கருத்து வேறு. ஆண்டு மதிப்பு 14,000 வெள்ளி, நீங்களே குடியிருக்கிறீர்கள் என்றால் தள்ளுபடிக்கு முன் வரி 80 வெள்ளி. மதிப்பை ஆயிரம் குறைக்க வைத்தாலும் மிச்சம் 40 வெள்ளி. வெளிப்படையான பிழை இல்லாவிட்டால் நான் அந்த வேலையை எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஆதாரம் உங்கள் பக்கம் இல்லை என்பதும் இந்தக் கட்டத்தில்தான் தெரியும். ஒப்பந்தங்கள் எல்லாம் 4,300-ஐச் சுற்றியே இருந்தால் மதிப்பு சரி, விட்டுவிடுங்கள்.

6. ஆட்சேபத்தை எழுதுங்கள்

சிங்பாஸ் வழியாக mytax.iras.gov.sg தளத்தில் நுழைந்து, சொத்துப் பகுதியில் `Object to Annual Value` என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதில் இரண்டு விஷயம் கட்டாயம்: நீங்கள் சரி என்று கருதும் ஆண்டு மதிப்பு, அதற்கான காரணம். "குறையுங்கள்" என்று மட்டும் சொல்லி எண்ணைத் தராமல் விடுவது ரொம்பச் சாதாரணமான தவறு. எண் இல்லாவிட்டால் எதைப் பரிசீலிப்பது என்று அவர்களுக்குத் தெரியாது.

காரணம் நீளமாக இருக்கத் தேவையில்லை. படிவத்தை ஆங்கிலத்தில் நிரப்பினாலும், சொல்ல வேண்டியது இவ்வளவுதான்:

"தற்போதைய ஆண்டு மதிப்பு 45,600. பராமரிப்பும் அறைகலனும் சேர்த்தால் இது மாதம் 4,300 வெள்ளி வாடகையாகிறது. இதே திட்டத்தில் இதே பரப்பளவு வீச்சில் கடந்த ஆறு மாதங்களில் பதிவான ஆறு ஒப்பந்தங்களில் ஐந்து 3,600 முதல் 3,800 வரை, பட்டியல் இணைப்பில். 3,700-லிருந்து பராமரிப்பு 350, அறைகலன் 150 கழித்தால் ஆண்டுக்கு 38,400. இந்த மதிப்பைக் கோருகிறேன்."

ஓய்வு பெற்றுவிட்டேன், வருமானம் இல்லை என்பதை இதில் எழுத வேண்டாம். அது உண்மையாக இருக்கலாம், ஆனால் வீட்டின் வாடகை மதிப்பை அது மாற்றாது. கட்ட முடியாத நிலை என்றால் தவணை பற்றி ஐராஸிடம் தனியாகப் பேசுங்கள்.

ஒப்பந்தப் பட்டியலையும் பராமரிப்புக் கட்டண ரசீதையும் இணையுங்கள். சமர்ப்பித்ததும் வரும் ஒப்புகையைச் சேமித்துக்கொள்ளுங்கள். 30 நாள் கெடுவுக்குள் போட்டீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

7. ஆட்சேபம் போட்டாலும் பணத்தைக் கட்டுங்கள்

ஆட்சேபம் நிலுவையில் இருப்பதால் ஜனவரி 31 தள்ளிப்போகாது. கட்டாவிட்டால் 5 விழுக்காடு அபராதம் விழும். அப்புறம் உங்கள் வங்கியையோ வாடகைதாரரையோ வசூல் முகவராக நியமிக்கும் அதிகாரமும் அவர்களுக்கு உண்டு. வாடகைதாரர் உங்கள் வாடகையை ஐராஸுக்குக் கட்டும் நிலை வந்தால், அதை அவரிடம் எப்படி விளக்குவீர்கள்?

மொத்தமாகக் கட்டச் சிரமம் என்றால் ஜைரோவில் சேர்ந்தால் வட்டியில்லாமல் 12 மாதத் தவணை கிடைக்கும். ஆட்சேபம் வென்றால் கூடுதலாகக் கட்டியதைத் திருப்பித் தருவார்கள், கட்டியதால் உங்கள் வழக்கு பலவீனமாகாது.

8. பதில் வந்த பிறகு

ஐராஸின் தலைமை மதிப்பீட்டாளர் உங்கள் எண்ணை ஏற்கலாம், இடையில் ஓர் எண்ணை முன்வைக்கலாம், அல்லது மறுக்கலாம். 38,400 கேட்ட இடத்தில் 40,800 தருகிறோம் என்றால் மாத வித்தியாசம் 200 வெள்ளி. அந்த 40,800-க்கு வாடகை வீட்டின் வரி 5,760. உங்கள் எண்ணில் 5,280. மிச்சமிருக்கும் 480-க்காக மேலே போவதா என்று கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள். பல நேரங்களில் இந்த இடைப்பட்ட எண்ணை ஏற்பதே புத்திசாலித்தனம்.

ஏற்க முடியாது என்றால், முடிவு வந்த 30 நாளுக்குள் மதிப்பீட்டு மறுஆய்வு வாரியத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். உரிமையாளர் குடியிருக்கும் வீட்டுக்குக் கட்டணம் 50 வெள்ளி, மற்றவற்றுக்கு 200 வெள்ளி. வாரியத்தின் முடிவுக்கு மேல் உயர் நீதிமன்றம் இருக்கிறது. ஒற்றை வீட்டுக்காக அவ்வளவு தூரம் போனால் வழக்கறிஞர் செலவு, மிச்சமாகும் வரியைத் தாண்டிவிடும்.

வாரியத்துக்குப் போனால் அங்கும் கேட்கப்போவது அதே ஒப்பந்தப் பட்டியல்தான். ஆட்சேபத்துக்குப் பிறகு கையெழுத்தான புதிய ஒப்பந்தங்களைத் தேடிச் சேர்த்துக்கொள்ளுங்கள், எது எந்த மாதத்தில் கையெழுத்தானது என்பதையும் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டுக்கான மதிப்பு டிசம்பரில் மறுபடி வரும். இந்த ஆண்டு குறைத்தது அப்படியே நீடிக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. அப்போதும் முதலில் விகிதம், பிறகு பன்னிரண்டால் வகுத்தல்.